ஓரத்தில் ஒரு சிறு படம்

மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் நகரில் உள்ள ஒரு மத்தியப் பள்ளியில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். கணித ஆசிரியர் விடுப்பில் செல்லும் நாள்களில் அவருடைய வகுப்புகளுள் ஒன்று என் பொறுப்பில் வரும். அந்த வகுப்பில் மாணவர்கள் பெரும்பாலும் தருக்கத் திறன் பயிற்சித்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். அத்தாளின் ஒரு பகுதியில் கூற்றுகளும் முடிவுகளும் இருக்கும். மற்றொரு பகுதியில் யாரோ ஒருவர் வடக்கே நடப்பார், வலப்புறம் திரும்புவார், மீண்டும் நடப்பார். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவ்வகுப்பில் நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றே. விடையை வட்டமிடுவதற்கு முன் தாளின் ஓரத்தில் ஒரு சிறு படம் வரைய வேண்டும். அது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு இருந்தால் போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வினாவில் சொல்லப்பட்டவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும்; சொல்லப்படாத எதுவும் இருத்தல் கூடாது. இவ்விரண்டாம் பகுதி கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அது ஏன் கடினம் என்பதை இரண்டு வினாக்களைக் கொண்டு காண்போம். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இப்பக்கத்தின் ஓரத்தில் என்னுடன் வரைந்து வாருங்கள்.

முதலில் திசை வினா.

கயல் தன் வீட்டிலிருந்து தெற்கு நோக்கி 40 மீட்டர் நடக்கிறாள். இடப்புறம் திரும்பி 30 மீட்டர் நடக்கிறாள். மீண்டும் இடப்புறம் திரும்பி 80 மீட்டர் நடக்கிறாள். இப்போது அவள் தன் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில், எத்திசையில் இருக்கிறாள்?

(அ) 50 மீட்டர், வடகிழக்கு
(ஆ) 50 மீட்டர், வடமேற்கு
(இ) 50 மீட்டர், தென்மேற்கு
(ஈ) 150 மீட்டர், வடக்கு

முதலில் தாளின் மூலையில் ஒரு கூட்டல் குறி இடுங்கள். அதன் மேல்முனையில் 'வ', வலமுனையில் 'கி', கீழ்முனையில் 'தெ', இடமுனையில் 'மே' என்று எழுதுங்கள். இதுவே உங்கள் திசைகாட்டி. அடுத்து, வீட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு வரைந்து, அருகில் 40 என்று எழுதுங்கள்.

இனி இடப்புறம் திரும்ப வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். பென்சில் தானாகவே தாளின் இடப்பக்கம் போய்விடும். ஆனால் வினா சொல்வது கயலின் இடப்புறத்தை. கயல் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய முகம் நம்மை நோக்கி இருக்கிறது. எனவே அவளுடைய இடக்கை நமக்கு வலப்பக்கத்தில் இருக்கும். அது கிழக்கு. மனத்தில் இதைத் திருப்பிப் பார்ப்பது கடினமாக இருந்தால் தாளைத் திருப்புங்கள். அம்பின் முனை உங்களைவிட்டு விலகிச் செல்வதுபோலத் தாளை வைத்தால் உங்கள் இடக்கையும் கயலின் இடக்கையும் ஒரே பக்கத்தில் அமையும். கணினியில் எழுதும் தேர்வில் திரையைத் திருப்ப இயலாது. அங்கும் குறிப்புத்தாள் தருவார்கள், அதைத் திருப்பலாம்.

ஆகவே 30 மீட்டர் அம்பு கிழக்கே செல்கிறது. கிழக்கு நோக்கி நடப்பவருக்கு இடக்கைப் பக்கம் வடக்கு. எனவே 80 மீட்டர் அம்பு மேல்நோக்கிச் செல்கிறது. முதலில் 40 மீட்டர் தெற்கே இறங்கியவள் இப்போது 80 மீட்டர் வடக்கே ஏறியிருக்கிறாள். வீடு இருந்த மட்டத்தைத் தாண்டி 40 மீட்டர் வடக்கே வந்துவிட்டாள். கிழக்கே 30 மீட்டர் தள்ளியிருக்கிறாள். வீட்டையும் அவள் நிற்கும் இடத்தையும் ஒரு புள்ளிக்கோட்டால் இணையுங்கள். 30, 40 என்னும் பக்கங்களையுடைய செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதன் கர்ணம் 50. விடை (அ).

மற்ற மூன்று விடைகளும் எண்ணத்திற்கு வந்தபடி எழுதப்பட்டவை அல்ல. முதல் திருப்பத்தில் தாளின் இடப்பக்கம் சென்று, பிறகு வடக்கே ஏறியவருக்காக (ஆ) காத்திருக்கிறது. மூன்று தொலைவுகளையும் வெறுமனே கூட்டியவருக்காக (ஈ) காத்திருக்கிறது. (இ) இன்னும் நுட்பமானது. படத்தைச் சரியாக வரைந்தவரும் அதில் விழுவதுண்டு. கயலின் இடத்திலிருந்து பார்த்தால் வீடு தென்மேற்கில் இருக்கிறது. வினா கேட்டதோ வீட்டிலிருந்து பார்த்தால் கயல் எங்கே என்பதை.

தமிழ் படிக்கும் உங்களுக்கு இங்கே ஒரு துணை உண்டு. எந்தச் சொல்லோடு 'இருந்து' சேர்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள். 'வீட்டிலிருந்து' என்றால் வீட்டில் நில்லுங்கள். அங்கே ஒரு சிறு கூட்டல் குறி இட்டுப் பாருங்கள். இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப் பொருள் என்று நாம் படித்தது இதுவே. இந்தியில் 'சே' என்னும் உருபும் இதே வேலையைச் செய்கிறது.

ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அளவுகோலும் கோணமானியும் கொண்டு பார்த்தால், கயல் நிற்கும் இடம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 37 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. சரியான வடகிழக்கு 45 பாகை. பயிற்சித்தாள் இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் இடையே எங்கிருந்தாலும் அதை வடகிழக்கு என்றே கொள்ளும். ஆகையால் கோணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விடையைக் குறிக்கலாம்.

திசை வினாக்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தடுமாற்றம் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கூட்டல் குறியின் மேல்முனையில் 'மேற்கு' என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டேன். "மேற்கு என்றால் மேல் பக்கம்தானே, சார்? மதுரையில் பாட்டி வீடு மேல மாசி வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல என்றால் மேலே என்றுதான் நினைத்தேன்" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மேற்கு என்னும் சொல் 'மேல்' என்பதிலிருந்தும், கிழக்கு என்னும் சொல் 'கீழ்' என்பதிலிருந்தும் பிறந்தவை. தமிழ்நாட்டின் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. மேடான பக்கம் மேற்கு, தாழ்வான பக்கம் கிழக்கு. மதுரையில் மேல மாசி வீதி மீனாட்சியம்மன் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. கீழ மாசி வீதி கிழக்கே இருக்கிறது. இந்த 'மேல்' நிலத்தின் மேடு. தாளின் மேல்விளிம்பு அன்று. தாளின் மேல்விளிம்பில் வடக்கை வைப்பது நிலப்படம் வரைவோர் கைக்கொண்ட வழக்கம் மட்டுமே.

நாம் வாழும் ஜபல்பூரில் அந்த மேடும் தாழ்வும்கூட மாறிவிடுகின்றன. நம் ஊரைக் கடந்து செல்லும் நர்மதை ஆறு அமர்கண்டக் மலையில் தோன்றி, மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தில் பரூச் நகருக்கு அப்பால் கடலில் கலக்கிறது. இங்கே நீர் தாழ்ந்து செல்லும் பக்கம் மேற்கு. ஆகவே சொல்லின் பிறப்பை நம்பித் திசை குறிக்க வேண்டாம்; ஓரத்தில் எழுதிய நான்கு எழுத்துகளை நம்புங்கள்.

அந்த மாணவிக்கு வேறொரு சொல் உதவிற்று. வடமொழியில் 'தட்சிண' என்பதற்குத் தெற்கு என்றும் வலப்பக்கம் என்றும் இரு பொருள்கள் உண்டு. தக்காணம் என்னும் பெயரும் அச்சொல்லிலிருந்தே வந்தது. உதிக்கும் சூரியனை நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம் ஆகும் என்பதே இந்த இரு பொருள்களுக்கும் காரணம். இந்தியில் வலப்பக்கத்தை 'தாஹினா' என்றும் தெற்கைத் 'தக்ஷிண்' என்றும் அவள் நாள்தோறும் கேட்பவள். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்றதும் கிழக்கு நோக்கி எழுந்து நின்று வலக்கையை நீட்டிப் பார்த்தாள். கிழக்கு நோக்கினால் வலம் தெற்கு. மற்ற மூன்று திசைகளையும் அதிலிருந்து அவளே வருவித்துக்கொண்டாள்.

இனிக் கூற்றும் முடிவும்.

கூற்று 1: எல்லாத் தாமரைகளும் மலர்கள்.
கூற்று 2: சில மலர்கள் வெண்ணிறமானவை.
முடிவு I: சில தாமரைகள் வெண்ணிறமானவை.
முடிவு II: வெண்ணிறமானவற்றுள் சில மலர்கள்.

எந்த முடிவு கூற்றுகளிலிருந்து பெறப்படும் என்பது வினா. படம் வரையாத மாணவர்களுள் பெரும்பாலோர் 'இரண்டும்' என்று சொல்லிவிடுவர். வெண்டாமரையை யார்தான் அறியார்? ஆனால் வெண்டாமரை உலகில் உண்டா என்று வினா கேட்கவில்லை. இந்த இரண்டு கூற்றுகளை மட்டும் ஒப்புக்கொண்டால் அது ஒப்புக்கொண்டே தீரவேண்டிய முடிவா என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு வினாக்கள்.

படம் வரைவோம். மலர்களுக்கு ஒரு பெரிய வட்டம். எல்லாத் தாமரைகளும் மலர்கள் என்பதால் அதற்குள்ளே தாமரைக்கு ஒரு சிறிய வட்டம். மூன்றாவது வட்டம் வெண்ணிறத்துக்கு. அது மலர் வட்டத்தின் ஒரு பகுதியை வெட்டிச் செல்ல வேண்டும். இவ்வாறு வட்டங்களை உள்ளும் புறமும் வைத்துக் கூற்றுகளை விளக்கும் முறையை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் தம் கடிதங்களில் கையாண்டார். ஜான் வென் தம் வரைபடங்களை 1880ஆம் ஆண்டில் வெளியிட்டார். வகுப்பில் நாம் வென் படம் என்று அழைத்தாலும், ஓரத்தில் நாம் வரைவது பெரும்பாலும் ஆய்லரின் வட்டங்களையே.

வெண்ணிற வட்டத்தை எங்கே வைப்பது? பெரும்பாலான கைகள் அதைத் தாமரை வட்டத்தின்மீதும் படுமாறு வைத்துவிடுகின்றன. அப்படி வைத்தால் முடிவு I சரியென்று தோன்றும். ஆனால் அப்படி வைக்க வேண்டும் என்று எந்தக் கூற்றும் சொல்லவில்லை. அது நம் கை சேர்த்தது; வெண்டாமரையைப் பார்த்த நினைவு சேர்த்தது. சொல்லப்படாத எதுவும் படத்தில் இருத்தல் கூடாது என்று தொடக்கத்தில் கூறியது இதற்காகத்தான்.

எனவே இரண்டாவது படம் ஒன்று வரையுங்கள். மலர் வட்டமும் அதனுள் தாமரை வட்டமும் முன்போலவே இருக்கட்டும். வெண்ணிற வட்டம் மலர் வட்டத்தின் மறுபக்கத்தை வெட்டட்டும். தாமரையைத் தொடாமல் விலகி நிற்கட்டும். இப்படத்தை இரண்டு கூற்றுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாத் தாமரைகளும் மலர்களே. சில மலர்கள் வெண்ணிறமே. இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் ஒரு தாமரைகூட வெண்ணிறமாக இல்லை. கூற்றுகள் இரண்டும் உண்மையாக இருந்து முடிவு மட்டும் பொய்யாகும் படம் ஒன்று கிடைத்துவிட்டது. அது ஒன்றே போதும். முடிவு I பெறப்படாது.

முடிவு II எப்படி? அதைப் பொய்யாக்கும் படத்தை வரைய முயலுங்கள். வெண்ணிற வட்டம் மலர் வட்டத்தை வெட்டாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் கூற்று 2 உடைந்துவிடும். எப்படி வரைந்தாலும் இயலவில்லை. ஆகவே முடிவு II பெறப்படும். விடை: 'II மட்டும்'.

மாணவர்கள் மறவாதிருக்க வேண்டியது இது: முடிவை மெய்யாக்கும் படத்தைத் தேடாதீர்கள், அதைப் பொய்யாக்கும் படத்தைத் தேடுங்கள். மெய்யாக்கும் படம் ஏறக்குறைய எப்போதும் கிடைத்துவிடும். அது 'இப்படியும் இருக்கலாம்' என்று மட்டுமே சொல்கிறது. பொய்யாக்கும் படத்துக்கு இடமே இல்லாதபோதுதான் 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொல்ல முடியும்.

வங்கித் தேர்வுத் தாள்களில் இதன் மறுபக்கமும் வருவதுண்டு. 'எல்லாத் தாமரைகளும் வெண்ணிறமாக இருக்கக்கூடும்' என்று ஒரு முடிவு தரப்படும். 'கூடும்' என்னும் சொல்லைக் கண்டதும் வேலை தலைகீழாகிறது. இப்போது மெய்யாக்கும் படம் ஒன்று கிடைத்தால் போதும். தாமரை வட்டம் முழுவதையும் மலரும் வெண்மையும் சேரும் பகுதிக்குள் வைத்துப் பாருங்கள். கூற்றுகள் உடையவில்லை. எனவே அம்முடிவு சரி. செந்தாமரை உலகில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். செந்தாமரையைப் பற்றிக் கூற்றுகள் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வகை வினாக்களில் 'சில' என்னும் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வீட்டில் நாம் "சிலர் சாப்பிட்டுவிட்டார்கள்" என்றால் மற்றவர் இன்னும் சாப்பிடவில்லை என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. பேச்சுவழக்கில் அது நியாயமே. எல்லோரும் சாப்பிட்டிருந்தால் எல்லோரும் என்றே சொல்லியிருப்போம். பயிற்சித்தாளின் 'சில' அவ்வாறானது அன்று. 'குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம்' என்பதே அதன் பொருள். ஆகையால் 'சில மலர்கள் வெண்ணிறமானவை' என்பதிலிருந்து 'சில மலர்கள் வெண்ணிறமற்றவை' என்று முடிவு செய்ய இயலாது. மலர் வட்டம் முழுவதையும் வெண்ணிற வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். கூற்று 2 அப்போதும் மெய்யாகவே நிற்கும்.

'எல்லாம்' என்னும் சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். எல்லாத் தாமரைகளும் மலர்கள் என்றால் எல்லா மலர்களும் தாமரைகள் ஆகா என்பது யாருக்கும் விளங்கும். பொருள் சற்று மறைந்திருந்தால் விளங்காது. நம் நாட்டுப் பழைய தருக்க நூலார் இதற்குப் புகையையும் நெருப்பையும் எடுத்துக்காட்டினர். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று திருப்பலாமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாருங்கள் என்றனர் அவர்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வட்டம் நெருப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. பழுத்த இரும்பு பெரிய வட்டத்தில், சிறிய வட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். "சார், பேடாகாட்டில் துவாந்தார் அருவியில் புகை இருக்கிறதே, நெருப்பு எங்கே?" என்றான். அந்த அருவியின் பெயரிலேயே இந்திச் சொல்லான 'துவா', அதாவது புகை, இருக்கிறது. வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. அருவியில் எழுவது நீர்த்திவலை. புகைபோலத் தோன்றுகிறதே தவிரப் புகை அன்று. கூற்றில் உள்ள சொல் தவறான பொருளின்மீது ஒட்டப்பட்டால் வட்டங்கள் அதைக் கண்டுபிடிக்கமாட்டா. கூற்றுகள் உண்மையானால் முடிவு உண்மையா என்பதை மட்டுமே படம் சொல்லும். கூற்று உண்மையா என்பதை அருவிக்கரைக்குச் சென்று நாமே பார்க்க வேண்டும்.

பயிற்சித்தாளுக்கு வெளியிலும் ஒருமுறை இந்த வட்டங்கள் தேவைப்பட்டன. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் இடைவேளையில் என்னைத் தேடி வந்தான். அவன் தந்தை ரயில்வேயில் பணிபுரிகிறார். அவர்கள் குடியிருப்பில் பொது மண்டபத்தின் சன்னல் கண்ணாடி பந்து பட்டு உடைந்திருந்தது. மட்டைப்பந்து ஆடும் பையன்களுள் சிலர்தாம் உடைத்தார்கள் என்பது தெரிந்திருந்தது. குடியிருப்பின் பெரியவர் ஒருவர் அவனைப் பார்த்து, "நீயும் பந்து ஆடுகிறவன்தானே? இனி மைதானத்துக்கு வராதே" என்று சொல்லிவிட்டார். "சார், இது தப்பான முடிவு என்று படம் வரைந்து காட்டுங்கள்" என்றான்.

நாங்கள் வரைந்தோம். ஆடுபவர்களுக்கு ஒரு வட்டம். உடைத்தவர்களுக்கு, அதை வெட்டும் ஒரு வட்டம். அவனுக்கு ஒரு புள்ளி. ஆடுபவர் வட்டத்துக்குள் புள்ளியை வைத்தே ஆகவேண்டும். ஆனால் அந்த வட்டத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. உடைத்தவர்களும் சேரும் பகுதியிலும் வைக்கலாம். சேராத பகுதியிலும் வைக்கலாம். பெரியவரின் முடிவு பெறப்படாது என்பது தெளிவாயிற்று. அவன் முகம் மலர்ந்தது.

"பொறு" என்றேன். "நீ உடைக்கவில்லை என்றும் இந்தப் படம் சொல்லவில்லையே." அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். புள்ளி இரண்டு இடங்களிலும் நிற்க முடிகிறது. அவரும் முடிவு செய்ய இயலாது. அவனும் முடிவு செய்ய இயலாது. புள்ளியை ஓரிடத்தில் நிறுத்த இன்னொரு கூற்று வேண்டும்.

"கண்ணாடி உடைந்த மாலையில் நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பிய பாட்டியை வழியனுப்பப் பெற்றோருடன் ரயில் நிலையத்தில் இருந்ததாகச் சொன்னான். அதை ஒரு கூற்றாக எழுதச் சொன்னேன். அவன் இரண்டு வரிகள் எழுதினான். 'கண்ணாடியை உடைத்தவர்கள் எல்லோரும் அன்று மாலை மைதானத்தில் இருந்தவர்கள். நான் அன்று மாலை மைதானத்தில் இருக்கவில்லை.' பிறகு அவனே வரைந்தான். மைதானத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய வட்டம். உடைத்தவர்கள் அதற்குள் சிறிய வட்டம். அவனுடைய புள்ளி பெரிய வட்டத்துக்கு வெளியே. வெளியே நிற்கும் புள்ளியைச் சிறிய வட்டத்துக்குள் கொண்டுவர வழியே இல்லை. எத்தனை முறை வரைந்தாலும் அது வெளியிலேயே நிற்கும்.

அன்று மாலை அவன் தன் தந்தையுடன் பெரியவரிடம் சென்றான். வட்டங்களைக் காட்டவில்லை; இரண்டு கூற்றுகளை மட்டும் சொன்னான். "அங்கிள், நான் அன்றைக்கு மைதானத்தில் இல்லை, பாட்டியை ரயில் ஏற்றப் போயிருந்தேன்." தந்தையும் உடன் நின்று அதை உறுதி செய்தார். பெரியவர், "முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார். மறுநாள் முதல் அவன் வழக்கம்போல் ஆடச் சென்றான்.

படத்துக்கும் எல்லை உண்டு. மூன்று வட்டங்கள் வரை ஓரத்தில் எளிதாக அடங்கும். நான்கு கூற்றுகளும் ஐந்து வட்டங்களும் வந்தால் அனைத்தையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள். முடிவு எந்த இரண்டு சொற்களைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்து, அவற்றை இணைக்கும் கூற்றுகளுக்கு மட்டும் வட்டம் வரையுங்கள். திசை வினாவில் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கினால் வடக்கு–தெற்குக் கணக்கையும் கிழக்கு–மேற்குக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். கயலின் வினாவில் நாம் செய்ததும் அதுவே: தெற்கு 40, வடக்கு 80, எனவே வடக்கு 40, கிழக்கு 30.

உங்கள் பென்சில் இன்னும் கையில் இருக்கும். இரண்டு வினாக்களை விட்டுச் செல்கிறேன்.

ஒருநாள் காலை, சூரியன் உதித்த சிறிது நேரத்தில், கயலும் அவள் தம்பியும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தம்பியின் நிழல் கயலின் வலக்கைப் பக்கம் விழுகிறது. கயல் எத்திசை நோக்கி நிற்கிறாள்? தம்பி எத்திசை நோக்கி நிற்கிறான்?

சில வண்டிகள் விரைவு வண்டிகள். எல்லா விரைவு வண்டிகளும் முன்பதிவு உள்ளவை. முடிவு I: சில வண்டிகள் முன்பதிவு உள்ளவை. முடிவு II: முன்பதிவு உள்ளவை எல்லாம் விரைவு வண்டிகள். முடிவு III: எல்லா வண்டிகளும் முன்பதிவு உள்ளவையாக இருக்கக்கூடும். எவை சரி?

விடையோடு உங்கள் படத்தையும் ஆசிரியரிடம் காட்டுங்கள். முடிவு II பெறப்படாது என்று எழுதுபவர், அதைப் பொய்யாக்கும் படத்தையும் அருகில் வரைந்திருக்க வேண்டும்.